75 சென்ட் பஞ்சு ஆலைக்கு வந்து சேரும் விலை

அமெரிக்கப் பஞ்சு ஒரு பவுண்டு 75 சென்ட் என்று தரகரிடமிருந்து தகவல் வருகிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கொள்முதல் பார்ப்பவர் கால்குலேட்டரை எடுக்கிறார். டாலர் 85 ரூபாய். கேண்டி 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் உள்ளேதான் வருகிறது. உள்ளூர்ப் பஞ்சை விட மலிவாகத் தெரிகிறது. நான்கு மாதம் கழித்து அதே பஞ்சு குடோனில் இறங்கி, வங்கிக்கும் பணம் கட்டி முடிந்த பிறகு கணக்கை மறுபடி போட்டால், கேண்டி ஏறக்குறைய 60,000 ரூபாயில் வந்து நிற்கிறது. விற்றவர் ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை. பேசிய விலை பேசியபடியே இருக்கிறது.

இடையில் சேர்ந்த பத்தாயிரம் ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் கணக்கைத்தான் ஆலைகளில் ‘லேண்டட் காஸ்ட்’ என்கிறார்கள். சரக்கு கப்பலில் வந்து, சுங்கத்தைக் கடந்து, லாரியில் ஏறி, ஆலை வாசலில் இறங்கும் வரை ஆன எல்லாச் செலவும் சேர்ந்த அடக்க விலை அது. முந்திரிக்கொட்டை, பழைய பேப்பர், பிளாஸ்டிக் குருணை, மரம் என்று எதை இறக்குமதி செய்தாலும் இந்தக் கணக்கு உண்டு. தமிழ்நாட்டு நூற்பாலைகள் இதை ஆண்டுதோறும் போட்டுப் பார்ப்பதால், பஞ்சை வைத்தே இதைப் புரிந்துகொள்வது எளிது.

முதலில் அளவுகள். உலகச் சந்தையில் பஞ்சின் விலை பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று பேசப்படுகிறது. இங்கே கேண்டிக்கு இத்தனை ரூபாய். ஒரு கேண்டி என்பது 784 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 356 கிலோ. ஆகவே பவுண்டுக்கு ஒரு சென்ட் ஏறினால் கேண்டிக்கு 7 டாலர் 84 சென்ட் ஏறும். டாலர் 85 ரூபாயாக இருக்கும்போது அது 666 ரூபாய். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், நியூயார்க் சந்தையில் விலை இரண்டு சென்ட் அசைந்தது என்று கேட்டதுமே அதன் கனம் புரிந்துவிடும்.

இனி ஒரு கன்டெய்னரை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் விலையும் வாடகையும் டாலர் மதிப்பும் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. வரி விகிதங்கள் மட்டும் உண்மையானவை. ஒரு நாற்பதடிக் கன்டெய்னரில் சுமார் 90 பேல், எடை 44,000 பவுண்டு, கிலோவில் 19,958. அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றித் தரும் விலை பவுண்டுக்கு 70 சென்ட். மொத்தம் 30,800 டாலர். தூத்துக்குடி வரை கப்பல் வாடகை 2,100 டாலர். காப்பீடு 100 டாலர். எல்லாம் சேர்ந்து 33,000 டாலர். பவுண்டுக்கு 75 சென்ட் ஆனது இப்படித்தான்.

விலை கேட்கும்போதே, அது கப்பலில் ஏற்றுவது வரைக்குமான விலையா, வாடகையும் சேர்ந்ததா, காப்பீடும் உள்ளடங்கியதா என்று கேட்டுவிட வேண்டும். 70 சென்ட் என்று ஒருவரும் 74 சென்ட் என்று இன்னொருவரும் சொன்னால், முதலாமவர் மலிவு என்று முடிவுகட்ட முடியாது. வாடகை வாங்குபவர் தலையில் இருந்தால், கப்பல் சந்தையின் ஏற்ற இறக்கமும் அவர் தலையில்தான். 2021இல் கன்டெய்னர் கிடைக்காமல் உலகெங்கும் வாடகை பல மடங்கு ஏறியபோதும், 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கியபோதும், விலையைப் பேசி முடித்துவிட்டு வாடகையைப் பேசாமல் விட்டவர்களின் கணக்குகளே முதலில் புரண்டன. சுற்றி வந்தால் வாடகை ஏறுவதோடு நாளும் கூடுகிறது. நாள் கூடினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

வாடகையில் கவனிக்காமல் போகும் இடம் ஒன்று உண்டு. சுங்க வரி வெறும் பஞ்சின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. வாடகையும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்குப் போடப்படுகிறது. வாடகை எவ்வளவு என்பதற்குச் சான்று காட்ட முடியாவிட்டால், ஏற்றுமதித் துறைமுக விலையில் 20 விழுக்காட்டை வாடகையாகவும் 1.125 விழுக்காட்டைக் காப்பீடாகவும் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள். நம் கன்டெய்னருக்கு அந்த 20 விழுக்காடு 6,160 டாலர். உண்மையில் கொடுத்ததோ 2,100. கொடுக்காத 4,060 டாலருக்கும் வரி கட்ட நேரும். டாலர் 87 ரூபாய் என்றால் 11 விழுக்காடு வரியில் இது மட்டுமே 38,800 ரூபாய்க்கு மேல். கப்பல் கம்பெனியின் வாடகை ரசீது ஒன்று நேரத்துக்கு வராததன் விலை அது.

அந்த 11 விழுக்காடு எப்படி வந்தது? 2021 பிப்ரவரி வரை பஞ்சுக்கு இறக்குமதி வரி கிடையாது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்க வரி 5 விழுக்காடு, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 5 விழுக்காடு என இரண்டு வந்தன. இந்த இரண்டின் மேலும் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. ஐந்தும் ஐந்தும் பத்து; பத்தில் பத்தில் ஒரு பங்கு ஒன்று; ஆக 11. இதற்குப் பிறகு ஐ.ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு இருக்கிறது. அது சரக்கின் மதிப்போடு சுங்க வரிகளையும் கூட்டி வரும் தொகையின் மேல் போடப்படுவது.

இவற்றில் எது செலவு, எது செலவில்லை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சுங்க வரியும் செஸ்ஸும் கூடுதல் வரியும் கட்டினால் போனது போனதுதான். அவை அடக்கத்தில் சேரும். ஐ.ஜி.எஸ்.டி. அப்படி இல்லை. நூல் விற்கும்போது கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதையும் அடக்கத்தில் சேர்த்தால் பஞ்சு உண்மையை விட ஏறக்குறைய ஐந்து விழுக்காடு விலை கூடியதாகத் தெரியும்; நல்ல வாய்ப்பு கைநழுவும். ஆனால் அதை அறவே மறந்துவிடவும் கூடாது. கட்டிய நாளிலிருந்து கழித்துக்கொள்ளும் நாள் வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கிறது. அந்த நாட்களுக்கான வட்டி செலவுதான்.

இதுவரை பார்த்தவை தாளில் எழுதி வைத்துக்கொள்ளக்கூடிய எண்கள். டாலர் அப்படிப்பட்டதல்ல. ஒரே கன்டெய்னருக்கு டாலர் மதிப்பு மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று வெவ்வேறு விதமாக வந்து உட்காருகிறது.

முதல் நாள், ஒப்பந்தம் போடும் நாள். அன்று டாலர் 85. அந்த விலையில் யாரும் பணம் கொடுக்கவில்லை. முடிவு மட்டும் எடுத்தார்கள். சரக்கு ஏற ஒரு மாதம். அமெரிக்காவிலிருந்து கொழும்பு வரை பெரிய கப்பல், அங்கே இறக்கிச் சிறிய கப்பலில் தூத்துக்குடி என்று ஐம்பது நாள் பயணம். அதாவது சுமார் எண்பதாம் நாளில் சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகிறது. அன்றைக்குச் செல்லுபடியாகும் டாலர் மதிப்பில்தான் வரி. அது வங்கியின் விலை அல்ல, டி.வி.யில் ஓடும் விலையும் அல்ல. சுங்க வாரியம் மாதத்துக்கு இரண்டு முறை இதற்கென்று தனியாக ஒரு மதிப்பை வெளியிடுகிறது. நம் கணக்கில் அது 87 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, வங்கியில் பணம் கட்டும் நாள். எல்.சி. திறந்து 90 நாள் தவணையில் வாங்கியிருந்தால், கப்பலில் ஏற்றிய நாளிலிருந்து 90 நாள் கழித்து, அதாவது ஒப்பந்தத்திலிருந்து சுமார் நூற்றிருபதாம் நாளில், அன்றைய வங்கி விற்பனை விலையில் டாலர் வாங்க வேண்டும். அது 88.

இப்போது கூட்டலாம். விற்றவருக்குப் போவது 33,000 டாலர். 88 ரூபாயில் 29,04,000 ரூபாய். சுங்கம் இதே சரக்கை 87 ரூபாயில் மதிப்பிட்டு 28,71,000 ரூபாய் என்கிறது. அதில் 11 விழுக்காடு 3,15,810 ரூபாய். ஐ.ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 1,59,000, திரும்பக் கிடைக்கும் என்பதால் அதன் இரண்டு மாத வட்டியாக 2,700 ரூபாயை மட்டும் சேர்க்கலாம். 90 நாள் தவணைக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி என்றால் 495 டாலர், அதாவது 43,560 ரூபாய். எல்.சி. திறந்ததற்கும் மற்ற வங்கிக் கட்டணங்களுக்கும் 15,000. துறைமுகத்தில் இறக்குகூலி, கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் கட்டணம், கன்டெய்னர் நிலையக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட், தாவரத் தொற்றுத் தடுப்புச் சோதனை, திண்டுக்கல் வரை லாரி எல்லாம் சேர்த்து 65,000. மொத்தம் 33,46,070 ரூபாய்.

இதை எந்த எடையால் வகுப்பது? இன்வாய்ஸில் 19,958 கிலோ. ஆலை எடைமேடையில் அரை விழுக்காடு குறைந்து 19,858 கிலோ. பஞ்சு ஈரத்தை உறிஞ்சும், விடும். அதனால் எடை மாறுவது இயல்பு. ஒப்பந்தத்தில் இறங்கும் இடத்து எடையே செல்லும் என்று எழுதியிருந்தால் குறைவை விற்றவரிடம் கேட்டு வாங்கலாம். எழுதாமல் விட்டிருந்தால் அந்த 100 கிலோவின் விலையும் மீதிப் பஞ்சின் மேல்தான் ஏறும். கையில் வந்த எடையால் வகுத்தால் கிலோ 168 ரூபாய் 50 காசு. கேண்டிக்கு 59,900 ரூபாய்.

முதல் நாள் கால்குலேட்டர் காட்டியது கிலோ 140 ரூபாய் 55 காசு. வித்தியாசம் 28 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதில் சுங்க வரி மட்டும் 15 ரூபாய் 90 காசு. டாலர் ஏற்றம் 5 ரூபாய். துறைமுகமும் லாரியும் 3 ரூபாய் 27 காசு, வட்டியும் வங்கியும் 3 ரூபாய் 8 காசு, எடைக் குறைவு 71 காசு. வரி பெரிய தொகைதான். ஆனால் அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய தொகை. விட்டுவிட்டால் அது கணக்குப் போட்டவரின் பிழை. ஐந்து ரூபாய் டாலர் ஏற்றமோ முதல் நாளில் யாருக்கும் தெரியாதது. நூல் வியாபாரத்தில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் என்பது பல மாதங்களில் ஓர் ஆலையின் லாபத்தையே விழுங்கிவிடக்கூடிய தொகை.

டாலர் ஏறினால் வரியும் ஏறுகிறது என்பதையும் இங்கே கவனிக்கலாம். வரி விகிதம் மாறவில்லை. ஆனால் 85 ரூபாயில் கட்ட வேண்டியதை விட 87 ரூபாயில் 7,260 ரூபாய் கூடுதல். அதே காரணத்தால் வட்டியும், டாலரில் கேட்கப்படும் கப்பல் கட்டணங்களும் கூடுகின்றன. நாள் கூடினால் என்ன ஆகும் என்று முன்பு விட்ட கேள்விக்கு இதுதான் பதில். கப்பல் இருபது நாள் சுற்றி வந்தால் பஞ்சு தாமதமாவதோடு, வரிக் கணக்கும் டாலரின் அசைவுக்கு இன்னும் இருபது நாள் திறந்து கிடக்கிறது.

இதற்கு ஆலைகள் செய்யக்கூடியது, வங்கியில் முன்கூட்டியே டாலரை விலை பேசி வைப்பது. ஃபார்வர்டு கவர் என்பார்கள். ஒப்பந்த நாளில் டாலர் 85 என்றால், நான்கு மாதம் கழித்துத் தரும் டாலருக்கு வங்கி 85 ரூபாய் 45 காசு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 45 காசுதான் நிச்சயத்துக்குக் கொடுக்கும் விலை. சரக்கு 28,19,850 ரூபாயில் முடியும். திறந்தே விட்டவர் கொடுத்தது 29,04,000. மிச்சம் 84,150 ரூபாய். டாலர் 84க்கு இறங்கியிருந்தால் இதே கவர் 47,850 ரூபாய் நஷ்டமாகத் தெரியும். அப்படித் தெரியும்போதுதான் பல முதலாளிகள் அடுத்த முறை கவர் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் அந்த ஆலை நூலை முன்கூட்டியே விலை பேசி விற்றிருந்தால், டாலர் எந்தப் பக்கம் போனாலும் பஞ்சின் அடக்கம் முதல் நாளே தெரிந்துவிட்டது. நூல் விலையை அதை வைத்துச் சொல்ல முடிந்தது. கவர் வாங்கியதே அதற்காகத்தான். நூலை ஏற்றுமதி செய்து டாலரில் பணம் பெறும் ஆலைக்கு வரவும் செலவும் ஒரே நாணயத்தில் இருப்பதால் இந்தத் தேவை பெரும்பாலும் குறைந்துவிடும். உள்நாட்டில், ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் ரூபாயில் நூல் விற்கும் ஆலைக்குத்தான் முழுச் சுமையும்.

தூத்துக்குடியில் இறங்கிய பிறகும் கணக்கு கெடலாம். ஆவணங்கள் வங்கி வழியாக வரத் தாமதமாகிறது, அல்லது ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழில் புகையூட்டல் விவரம் சரியாக இல்லை. கப்பல் கம்பெனி இலவசமாகத் தரும் நாட்கள் தீர்ந்ததும் கன்டெய்னருக்கு நாள் வாடகை தொடங்குகிறது. நாளைக்கு 60 டாலர், பத்து நாள் என்றால் 600 டாலர். கப்பல் கம்பெனிகள் இதை ரூபாயில் மாற்றும்போது சந்தை விலையில் மாற்றுவதில்லை. தங்களுக்கென்று சற்று உயர்ந்த விலை வைத்திருக்கிறார்கள். 90 ரூபாய் என்றால் 54,000 ரூபாய். கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் ரூபாய். திண்டுக்கல் வரையிலான லாரி வாடகையைப் பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் குறைப்பதை விட, சான்றிதழின் நகலைக் கப்பல் கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் வாங்கிச் சரிபார்ப்பது பல மடங்கு பயன் தரும்.

தேதிகளின் பலத்தை 2025ஆம் ஆண்டு நன்றாகவே காட்டியது. அந்த ஆகஸ்ட் 19ஆம் தேதி முதல் பஞ்சுக்கான 11 விழுக்காடு வரியை மத்திய அரசு நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. 2022லும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இப்படி ஒரு விலக்கு வந்தது. இதில் முக்கியம், எந்த நாளின் வரி செல்லும் என்பது. சட்டப்படி, பில் ஆஃப் என்ட்ரி தாக்கலான நாள், கப்பல் வந்து உள்நுழைவு அனுமதி பெற்ற நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அன்றைய வரி விகிதம்தான். டிசம்பர் 20ஆம் தேதியே முன்கூட்டித் தாக்கல் செய்தாலும், கொழும்பில் சிறிய கப்பல் கிடைக்காமல் சரக்கு ஜனவரி 2ஆம் தேதி வந்தால் ஜனவரி விகிதமே பொருந்தும். டாலர் மதிப்புக்கு வேறு விதி. அதற்குத் தாக்கல் செய்த நாளே கணக்கு. ஒரே தாளில் வரி விகிதம் ஒரு தேதியையும் டாலர் மதிப்பு வேறொரு தேதியையும் பார்க்கும்.

அதே ஆண்டில் ரூபாயும் சரிந்தது. மே மாதத் தொடக்கத்தில் டாலர் 84, 85 ரூபாய் அளவில் இருந்தது. டிசம்பரில் முதல்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. 75 சென்ட் பஞ்சு கேண்டிக்கு 588 டாலர். மே மாதத்தில் 84 ரூபாய் 50 காசு டாலரும் 11 விழுக்காடு வரியும் சேர்த்தால் 55,150 ரூபாய். டிசம்பரில் வரி இல்லை, டாலர் 90. கேண்டி 52,920 ரூபாய். ரூபாய் அசையாமல் இருந்திருந்தால் விலக்கினால் கேண்டிக்கு 5,465 ரூபாய் மிச்சமாகியிருக்கும். கிடைத்தது 2,230 ரூபாய் மட்டும். விலக்கின் பலனில் பாதிக்கு மேல் நாணயச் சரிவில் கரைந்துபோனது. விலக்கு இல்லாமல் 90 ரூபாய் டாலரில் வாங்கினால் அதே பஞ்சு 58,740 ரூபாய்.

வரியைத் தாண்டி வரச் சில நிரந்தர வழிகளும் இருக்கின்றன. 32 மில்லிமீட்டருக்கு மேல் இழை நீளமுள்ள பஞ்சுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து சுங்க வரி விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவுடன் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 51,000 டன் வரை வரியில்லாமல் வரலாம். நூலை ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்து அட்வான்ஸ் ஆதரைசேஷன் வாங்கினாலும் பஞ்சு வரியில்லாமல் உள்ளே வரும். ஆனால் குறித்த காலத்துக்குள் நூலை அனுப்பத் தவறினால் விட்ட வரியை வட்டியோடு கட்ட வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் கையில் இல்லாமல் இந்த வழியில் இறங்கினால், வரியில்லாத அடக்கம் என்று போட்ட கணக்கு ஓர் ஆண்டு கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டும்.

கேண்டி 59,900 ரூபாய் என்று வந்துவிட்ட பிறகும், அதை உள்ளூர் விலையோடு அப்படியே எடுத்து நிறுத்த முடியாது. அமெரிக்கப் பஞ்சு இயந்திரத்தில் பறிக்கப்படுவது. சாக்கு நாரும் பிளாஸ்டிக் இழையும் தலைமுடியும் கலந்து வருவது இந்தியப் பஞ்சை விடக் குறைவு. அந்தக் கலப்படம் பொறுக்க ஆகும் கூலியும், சாயமேற்றிய துணியில் கறை தெரிந்து திரும்பி வரும் நூலும் உள்ளூர்ப் பஞ்சின் அடக்கத்தில் ஒளிந்திருக்கின்றன. கழிவும் வேறுபடும். நூறு கிலோ பஞ்சில் 85 கிலோ நூல் எடுக்கும் ஆலைக்கு, நம் கன்டெய்னரில் ஒரு கிலோ நூலுக்கான பஞ்சுச் செலவு 198 ரூபாய். 83 கிலோதான் கிடைத்தால் 203 ரூபாய். அந்த ஐந்து ரூபாய், டாலர் நான்கு மாதத்தில் எடுத்துக்கொண்ட ஐந்து ரூபாய்க்குச் சமம். ஆகவே கணக்குத் தெரிந்த ஆலைகளில் இறக்குமதி லாட் ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்த நாள் கணக்கை ஒரு பத்தியிலும், பணம் கட்டி முடித்த நாள் கணக்கை அடுத்த பத்தியிலும், நூலாக வந்த எடையை மூன்றாவதிலும் எழுதி வைக்கிறார்கள். அடுத்த லாட்டுக்குத் தரகர் விலை சொல்லும்போது, அவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.